பிணைக் கையெழுத்துக் கேட்ட நண்பன்

மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலையில் பெங்களூருக்குப் புறப்படும் ரயிலில் ஏறுவோர் ஒருவரையொருவர் நன்கறிவர். கோலார் தங்கவயலில் 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டபின், எங்கள் ஊரார் பல்லாயிரவர்க்குப் பிழைப்பு அந்த ரயிலில்தான் இருக்கிறது. நானும் அதில் செல்பவன். பகலில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறேன். மாலையில் வணிகவியல் முதுகலை வகுப்பு. மாதச் சம்பளம் 24,000 ரூபாய். என் பள்ளித் தோழன் ஒருவனும் அதே பெட்டியில் வருவான். சென்ற ஆண்டு மார்கழிக் குளிரில், ஒரு வியாழக்கிழமை, ஜன்னலை இழுத்து மூடிவிட்டு அவன் என்னிடம் ஒரு கோரிக்கை வைத்தான்.

அவன் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஒப்பந்தம் முடிந்து, இன்னும் இரண்டு மாதந்தான் வேலை. ஆண்டர்சன்பேட்டையில் இருசக்கர வண்டி பழுதுபார்க்கும் கடை வைக்க நினைத்தான். ஒரு நிதி நிறுவனம் 3,00,000 ரூபாய் தர இசைந்திருந்தது. ஆனால் மாதச் சம்பளக்காரர் ஒருவர் பிணை நிற்கவேண்டும் என்று சொல்லியிருந்தது.

"ஒரு கையெழுத்துதானே மச்சான்? கட்டப்போறது நான். நீ சும்மா பேருக்குத்தான்" என்றான்.

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் பதில் சொல்றேன். அதுக்கு மேல இழுக்க மாட்டேன்" என்றேன். அவன் முகம் மலர்ந்தது. எனக்கோ அன்று முழுதும் கணக்கேட்டில் கண் நிற்கவில்லை.

அந்த மூன்று நாளில் நான் கற்றதையும், ஞாயிறன்று சொன்னதையும், அதன்பின் நடந்ததையும் மாணவ அன்பர்களுக்கு எழுதுகிறேன். நம்மில் பலர் முதற்சம்பளம் வாங்கப்போகிறவர்கள். சம்பளச் சீட்டு கைக்கு வந்த சில மாதங்களிலேயே இக்கேள்வியும் வரக்கூடும்.

அப்பாவின் கையெழுத்து

அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். நான் அரைகுறையாக அறிந்திருந்த கதையை அன்றுதான் முழுமையாகக் கேட்டேன்.

என் தந்தையார் சுரங்கத்தில் நிலத்தடி வேலை செய்தவர். அதே லைனில், எங்கள் வீட்டிலிருந்து நான்காம் வீட்டில், அவரோடு ஒரே ஷிப்டில் இறங்கும் தோழர் ஒருவர் இருந்தார். மகள் திருமணத்திற்காக அவர் ஒரு கடன் சங்கத்தில் 40,000 ரூபாய் வாங்கினார். அப்பா பிணைக் கையெழுத்திட்டார். அந்நாளில் அது பெரிய காரியமாகத் தோன்றவில்லை. தவணை சம்பளத்திலேயே பிடிக்கப்படும். சம்பளமோ மாதந்தோறும் தவறாது வரும். நூறாண்டுக்கு மேல் நடந்த சுரங்கம் நின்றுபோகும் என்று யார் எண்ணினார்?

சுரங்கம் நின்றது. சம்பளம் நின்றது. சம்பளத்தில் பிடிப்பதும் நின்றது. தோழர் வேலை தேடிக் குடும்பத்தோடு வெளியூர் சென்றார். மீதி 26,000 ரூபாய்க்கான கடிதம் எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பாவும் அதே நாளில் வேலை இழந்தவர்தாம். சுரங்கம் மூடியபின் கைக்கு வந்த தொகையிலிருந்து பாதியைக் கட்டினார். மறுபாதிக்கு அம்மாவின் சங்கிலி போயிற்று.

"பணம் போனதுகூடப் பெரிசில்ல தம்பி. அந்த அண்ணன் ஒருதரம் பொங்கலுக்கு ஊருக்கு வந்தாரு. நம்ம வாசல் வழியா வரக் கூசிக்கிட்டு, பின்பக்கமா சுத்திப் போனாரு. உங்க அப்பா அதப் பாத்துட்டு, 'நான் அவனக் கேக்கக்கூட இல்லியே'ன்னு அழுதாரு. கடைசிவரைக்கும் ரெண்டுபேரும் பேசிக்கல" என்றார்கள் அம்மா.

இதில் கெட்டவர் எவருமில்லை என்பதை நான் கவனித்தேன். தோழர் ஏமாற்றுக்காரர் அல்லர். அப்பா முட்டாள் அல்லர். கடன் சங்கம் கொடுத்ததைக் கேட்டது, அவ்வளவே. ஆயினும் ஒரு கையெழுத்து இரண்டு குடும்பத்தையும் தாக்கியது. கடன் வாங்கியவரை முடக்கிய அதே காரணம் பிணை நின்றவரையும் முடக்கியது. ஒரே ஊரில், ஒரே தொழிலில் இருக்கும் நண்பர்கள் ஒருவருக்கொருவர் பிணை நிற்பதில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

சட்டம் சொல்வது

மறுநாள் நூலகத்தில் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். பிணை பற்றிய பிரிவுகள் 126இலிருந்து தொடங்குகின்றன. நமக்கு இன்றியமையாதவை நான்கைந்துதான்.

முதலாவது, 128ஆம் பிரிவு. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்பட்டாலன்றி, கடன் வாங்கியவனுக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு பிணையாளுக்கும் உண்டு. பாதியன்று; கால்பங்கன்று; வட்டியும் செலவும் சேர்ந்த முழுமையும் ஆகும். "பேருக்கு ஒரு கையெழுத்து" என்ற ஒன்று சட்டத்தில் இல்லை.

அப்படியாயினும் முதலில் கடன் வாங்கியவனைத் துரத்திப் பார்த்து, அவனிடம் ஒன்றுமில்லை என்று கண்டபின் தானே பிணையாளிடம் வருவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். பெரும்பாலோர் நினைப்பதும் அதுவே. அது தவறு. பீகார் வங்கிக்கும் தாமோதர் பிரசாத் என்பவருக்கும் நடந்த வழக்கில் இக்கேள்வியே எழுந்தது. கடன்பட்டவரிடம் வசூலிக்கும் வழிகளையெல்லாம் முடித்துவிட்டுத்தான் பிணையாளரிடம் செல்லவேண்டும் என்று கீழ்நீதிமன்றம் நிபந்தனை விதித்திருந்தது. உச்ச நீதிமன்றம் 1968இல் அந்நிபந்தனையை நீக்கிற்று. கடன் கொடுத்தவரைக் காத்திருக்கச் செய்தால் பிணை வாங்கியதன் நோக்கமே கெட்டுப்போகும் என்பது அதன் கருத்து. ஆகவே தவணை தவறியதும், கடன் கொடுத்தவர் நேரே பிணையாளின் வீட்டுக் கதவைத் தட்டலாம். சொல்லப்போனால், நிலையான சம்பளமுள்ள பிணையாளிடம் முதலில் வருவதுதான் அவருக்கு எளிது.

இரண்டாவது, 130ஆம் பிரிவு. கடையில் வைக்கும் கணக்கைப்போல் தொடர்ந்து நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு நின்ற பிணையை, இனி நடப்பவற்றுக்கு மட்டும், அறிவிப்புக் கொடுத்து விலக்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரே தடவையாகக் கொடுத்து முடிந்த கடனுக்கு நின்ற பிணையை, பணம் கைமாறியபின் திரும்பப் பெற வழியில்லை. நண்பனோடு பிணக்கு வந்தாலும், எனக்கே வேலை போனாலும், கையெழுத்து நிற்கும்.

மூன்றாவது, 126ஆம் பிரிவிலுள்ள ஒரு சிறு சொற்றொடர். பிணை எழுத்தாலும் இருக்கலாம். வாய்ச்சொல்லாலும் இருக்கலாம் என்கிறது அது. கடன் கொடுப்பவரின் முன்னிலையில், "கொடுங்க சார், அவன் கட்டலன்னா நான் கட்டறேன்" என்று நல்லெண்ணத்தோடு சொல்வதுகூட வழக்காக மாறலாம். மறுப்பவன் தெளிவாக மறுக்கவேண்டும் என்பதற்கு இதுவே பெரிய காரணம்.

கடைசியாக, பிணையாளுக்கு ஆறுதலும் சட்டத்தில் உண்டு. 140, 145ஆம் பிரிவுகளின்படி, கட்டியவன் தான் கட்டியதை நண்பனிடமிருந்து வசூலிக்கலாம். ஆனால் அந்த உரிமை எப்போது கைக்கு வருகிறது? நண்பனிடம் ஒன்றுமில்லாத நேரத்தில் வருகிறது. என் தந்தையாருக்கும் அந்த உரிமை இருந்தது. வாசல் வழியே வரக் கூசிய மனிதர்மேல் அதைச் செலுத்த அவருக்கு மனம் வரவில்லை.

என் கணக்கு

சட்டத்தை மூடிவைத்துவிட்டுத் தாளில் கணக்குப் போட்டேன். 3,00,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி, 36 மாதத் தவணை என்றால், மாதத் தவணை ஏறத்தாழ 9,964 ரூபாய். நண்பன் முதல் பத்து மாதம் ஒழுங்காகக் கட்டி, பிறகு கடை நடக்காமல் நின்றுபோனான் என்று கொள்வோம். அப்போதும் அசலில் 2,27,000 ரூபாய்க்கு மேல் மீதியிருக்கும். பத்துத் தவணை என்பது ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஆயினும் அசல் குறைந்தது 73,000 அளவே. தவணையில் ஒரு பங்கை வட்டி விழுங்குவதால் இப்படி ஆகிறது.

அந்த 2,27,000 ரூபாய் என்னிடம் வருகிறது. என்னிடம் சேமிப்பு 40,000. நான் கட்டாவிட்டால் வழக்கு, தீர்ப்பு, பிறகு சம்பள ஜப்தி. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவுப்படி, சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரு பங்கையும் தொடக்கூடாது. 24,000 ரூபாய்ச் சம்பளத்தில் 1,000 போக 23,000. அதில் மூன்றிலொரு பங்கு 7,666 ரூபாய். ஒரே தீர்ப்புக்காக அவ்வாறு 24 மாதம் வரை பிடிக்கலாம்.

இதைவிட என்னை உறுத்தியது மற்றொன்று. என் தங்கை அடுத்த ஆண்டு செவிலியர் படிப்பில் சேரவேண்டும். அப்பா இல்லாத வீட்டில், அவளுடைய கல்விக் கடனில் உடன் கையெழுத்திட வேண்டியவன் நான். பிணை நின்ற கடனும் பிணையாளின் கடன் வரலாற்றில் ஏறுகிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் கடன் தகவல் நிறுவனங்கள் அதைக் காட்டுகின்றன. நண்பன் தவறவிட்ட தவணை என் பெயரில் கறையாகப் படிந்தால், தங்கையின் விண்ணப்பம் வங்கி மேசையில் தயங்கி நிற்கும்.

எனவே என்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன். "இந்தத் தொகை முழுவதையும் நானே கட்ட நேர்ந்தால் கட்ட முடியுமா? கட்டியபின் இவனைப் பழையபடி மச்சான் என்று அழைக்க முடியுமா?" இரண்டுக்கும் 'ஆம்' என்பவனே பிணை நிற்கலாம். எனக்கு முதற் கேள்விக்கே விடை 'இல்லை'. முடிவு வெள்ளிக்கிழமை இரவே ஆகிவிட்டது. எப்படிச் சொல்வது என்பதுதான் மிஞ்சியது.

தவறான மூன்று வழிகள்

எனக்கு முதலில் தோன்றிய வழிகள் மூன்றும் தவறானவை.

ஒன்று, பொய்க்காரணம். "அம்மா ஒத்துக்க மாட்டாங்க" என்று சொல்லலாம். நண்பன் உடனே அம்மாவைப் பார்க்க வருவான். அம்மாவின் தலையில் பாரம் விழும். "என் சம்பளம் பத்தாதுன்னு சொல்லிடுவாங்க" என்று சொல்லலாம். அவன் நிதி நிறுவனத்தில் கேட்டு, "போதும்னு சொல்லிட்டாங்க" என்று மகிழ்ச்சியோடு ஓடிவருவான். பொய்க்காரணம் ஒரு பூட்டு. நண்பன் அதற்குச் சாவி தேடுவான். கண்டுபிடித்துவிட்டால் நமக்கு ஒளிய இடமில்லை.

இரண்டு, காலங்கடத்துதல். "பார்க்கலாம்", "அடுத்த வாரம்" என்று இழுத்தால் அவனே புரிந்துகொள்வான் என்பது எண்ணம். அவன் புரிந்துகொள்ள மாட்டான்; நம்பிக்கொண்டிருப்பான். அந்த நம்பிக்கையில் வேறு வழி தேடாமல் இருப்பான். கடைக்கு முன்பணமும் கொடுத்துவிடலாம். மறுப்பைவிடத் தாமதம் அவனுக்கு அதிகக் கேடு செய்யும்.

மூன்று, பாதி இசைவு. "பிணை வேண்டாம், சாட்சிக் கையெழுத்து மட்டும் போடறேன்", "எழுதாத காசோலை ஒண்ணு கொடுக்கறேன்" என்பவை. தாளில் என்ன தலைப்பின்கீழ் கையெழுத்து விழுகிறது என்பதை அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. உடன் கடனாளி என்ற இடத்தில் கையெழுத்திட்டால் அது பிணையைக் காட்டிலும் நேரான பொறுப்பு. தொகை எழுதாத காசோலையோ, இன்னொருவர் கையில் கொடுத்த நம் பேனா.

ஞாயிறு மாலை

இருவரும் சயனைடு மேட்டுக்கு எதிர்ப்புறமுள்ள மைதானத்தில் சந்தித்தோம். ரயிலிலோ தேநீர்க் கடையிலோ பேசக்கூடாது என்று முன்பே தீர்மானித்திருந்தேன். நாலுபேர் முன்னிலையில் மறுக்கப்பட்டவனுக்கு, மறுப்போடு அவமானமும் சேர்கிறது. கைபேசியில் எழுதி அனுப்பவும் மனமில்லை.

உட்கார்ந்ததும் நலம் விசாரித்து நேரம் போக்காமல் சொன்னேன்:

"மச்சான், பதில மொதல்ல சொல்லிடறேன். ஷூரிட்டிக் கையெழுத்து நான் போட மாட்டேன். அந்தப் பணம் முழுசும் என்மேல வந்தா என்னால கட்ட முடியாது. கட்ட முடியாததுக்கு நான் கையெழுத்துப் போடறதில்ல."

பதில் முதலில், காரணம் ஒன்றே, அதுவும் என் நிலையைப் பற்றியது, அவன் குணத்தைப் பற்றியதன்று. "கடை ஓடாது", "உனக்கு அனுபவம் பத்தாது" என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கடை ஓடும் என்று அவன் நிரூபிக்க முற்படுவான்; பேச்சு வழக்குமன்றமாகிவிடும்.

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "என்மேல நம்பிக்கை இல்லியா?" என்றான். இக்கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். பிணை கேட்பவர் யாவரும் கேட்பது இது.

"நீ கட்டுவேன்னு சொல்றத நான் நம்பறேன். ஆனா ஷூரிட்டி, நீ கட்ட முடிஞ்ச மாசத்துக்கு இல்ல மச்சான். உன்னால கட்ட முடியாத மாசத்துக்கு. அந்த மாசத்துல உன் மனசு நல்லாத்தான் இருக்கும், கையிலதான் இருக்காது. எங்க அப்பாவோட சிநேகிதரும் நல்லவருதான்" என்றேன்.

அந்தக் கதை அவனுக்கும் தெரியும். ஆயினும் கோபம் தணியவில்லை. "சரி, ஆறு மாசத்துக்கு மட்டும் நில்லு. அப்புறம் வேற ஆள மாத்திடறேன்" என்றான். கடன் கொடுத்தவர் ஒப்பினால்தான் மாற்றமுடியும். ஒப்பவேண்டிய கட்டாயம் அவருக்கில்லை. இதை விளக்க வாயெடுத்தேன், நிறுத்திக்கொண்டேன். புதிய காரணம் ஒவ்வொன்றும் புதிய பேரத்துக்கு வாசல். "ஆறு மாசத்துக்கும் முடியாது மச்சான். பதில் அதேதான்" என்று மட்டும் சொன்னேன்.

"அப்ப எனக்கு ஒரு ஆபத்துன்னா நீ வரமாட்ட" என்றான். இதற்கு மறுமொழி சொல்ல நா துடித்தது. பள்ளி நாளிலிருந்து நான் செய்தவற்றை அடுக்கிக் காட்டலாம். அப்படி அடுக்கினால் அவை உதவியாக இராமல் கணக்காகிவிடும். ஆகவே என்னால் ஆவது என்ன என்பதை மட்டும் சொன்னேன்.

"என்னால முடிஞ்சது மூணு. ஒண்ணு, பதினஞ்சாயிரம் ரூபா தரேன். இது கடன் இல்ல. திரும்பி வந்தா சந்தோஷம்; வரலன்னா நான் கேக்க மாட்டேன். ரெண்டு, கடைக்கு என்னென்ன வேணும்னு உக்காந்து கணக்குப் போட்டுத் தரேன். மூணு, லீவு போட்டுட்டு உன்கூட பேங்குக்கு வரேன். ஆனா அங்கயும் ஷூரிட்டி கேட்டா, நான் நிக்க மாட்டேன்."

பதினைந்தாயிரம் என்ற தொகையையும் யோசித்தே சொன்னேன். போனால் போகட்டும் என்று நான் உறங்கக்கூடிய எல்லை அது. அதற்குமேல் கொடுத்தால் அவனைக் காணும்போதெல்லாம் என் கண் அவன் சட்டைப்பையைப் பார்க்கும். கடைசி வாக்கியமும் வேண்டுமென்றே சேர்த்ததுதான். உதவி செய்ய வருபவன் மெல்ல மெல்லக் கையெழுத்து மேசைக்கு இழுக்கப்படுவதுண்டு.

அவன், "யோசிக்கிறேன்" என்று எழுந்து போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பின்

பதினாறு நாள் அவன் வேறு பெட்டியில் ஏறினான். அந்த நாட்கள் எனக்கு எளிதாக இருக்கவில்லை. பங்காருப்பேட்டையில் வண்டி நிற்கும்போது ஓடிப்போய், "சரி, போடறேன்" என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒருமுறை எண்ணினேன். நண்பனின் மௌனத்தைத் தாங்கமாட்டாமல் மூன்றாண்டுப் பொறுப்பை ஏற்பது, பிணை நிற்பதற்கான காரணமாகாது என்று என்னை அடக்கிக்கொண்டேன்.

அந்நாட்களில் இரண்டைக் கடைப்பிடித்தேன். நடைமேடையில் காணும்போது நானே முதலில் கையசைத்தேன். ஆனால் மறுபடியும் விளக்கம் சொல்லவில்லை. அவன் கடன் கேட்டதையும் நான் மறுத்ததையும் வேறு தோழர் எவரிடமும் சொல்லவில்லை. அவனுடைய பணக்கஷ்டம் பெட்டிக்குள் பேச்சாகியிருந்தால், என் மறுப்பில் இருந்த அன்பு அன்றே செத்திருக்கும்.

பதினேழாம் நாள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தான். அம்மா இருவருக்கும் தோசை வார்த்துப் போட்டார்கள். கணக்கைப் பிரித்தோம். கடைக்கு முன்பணம் 80,000. காற்றடிக்கும் இயந்திரமும் கருவிகளும் 60,000. உதிரிப் பாகங்கள் 1,20,000. பெயர்ப் பலகை, அலமாரி, மற்றவை 40,000. இதில் கடனின்றி முடியாதது எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனோம். வீட்டின் முன்புறத்தில் இரண்டு வண்டி நிறுத்த இடமிருந்தது, முன்பணம் தேவையில்லை. உதிரிப் பாகங்களை வேலை வரும்போது ராபர்ட்சன்பேட்டையில் வாங்கிக்கொள்ளலாம். கையிருப்பு 30,000க்குப் போதும். இயந்திரம் பழையதாக வாங்கினால் கருவிகளோடு 45,000. மற்றவை 15,000. ஆக 90,000 ரூபாயில் தொழிலைத் தொடங்கலாம் என்று தெரிந்தது.

நிதி நிறுவனம் ஏன் பிணை கேட்டது என்பதும் அப்போதுதான் விளங்கிற்று. இரண்டு மாதத்தில் சம்பளம் நிற்கப்போகிறவனுக்கு, மாதம் பத்தாயிரம் தவணை வரும் கடன் அது. கடன் கொடுப்பவரே சந்தேகப்படும் பங்கைத்தான் பிணையாளின் தோளில் வைக்கிறார்கள். பிணை கேட்கப்படும் இடத்தில், கடனின் அளவு சரியா என்று முதலில் பார்ப்பது நலம்.

சிறுதொழிலுக்குப் பிணைச்சொத்துக் கேளாமல் வங்கிகள் கடன் கொடுக்க 2015இல் முத்ரா திட்டம் ஏற்பட்டது. அதன்கீழ் 75,000 ரூபாய்க்கு விண்ணப்பித்தான். நான் விடுப்பெடுத்து உடன் சென்றேன். வங்கி அதிகாரி கேட்டவை, கருவிகளுக்கான விலைப்பட்டியல், ஓராண்டு வங்கிக் கணக்கு, கடை இருக்கும் இடத்துக்கான சான்று ஆகியவை. முதன்முறை தாள்கள் குறைவென்று திருப்பினார்கள். மறுமுறை ஏற்றார்கள். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் கடன் கிடைத்தது. என் பதினைந்தாயிரமும் சேர்ந்து தொண்ணூறு ஆயிற்று.

இத்தகைய முடிவு எல்லோருக்கும் வாய்க்கும் என்று நான் சொல்லவில்லை. வங்கி மறுத்திருந்தால் அவன் இன்னும் சிலகாலம் என்மேல் வருந்தியிருப்பான். நட்பே போயிருக்கவும் கூடும். அப்போதும் என் பதில் அதுவாகவே இருந்திருக்க வேண்டும்.

பிணை நிற்பவர்க்கு

என்றும் எவருக்கும் பிணை நிற்கலாகாது என்பது என் கருத்தன்று. தங்கைக்கு நான் கையெழுத்திடத்தான் போகிறேன். முழுவதையும் கட்ட நேர்ந்தால் கட்டுவேன் என்று தெரிந்தே இடுவேன். நண்பனுக்கு நிற்க மனமுள்ளவர் இருப்பின், 128ஆம் பிரிவு ஒரு வழி வைத்திருப்பதை நினைவில் கொள்ளலாம். ஒப்பந்தத்திலேயே, "என் பொறுப்பு இத்தனை ரூபாய்க்கு மேற்படாது" என்று எழுதச் சொல்லிக் கேட்கலாம். ஒப்பந்த நகலொன்றை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தவணை தவறினால் தமக்கும் உடனே தெரிவிக்குமாறு எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். நெடுநாள் கழித்துத் தெரியவந்தால் வட்டி மலைபோல் ஏறியிருக்கும். கடன் கொடுப்பவர் வரம்பு எழுத மறுத்தால், அப்போது முதற் கேள்விக்குத் திரும்பவேண்டியதுதான்: முழுவதையும் என்னால் கட்ட முடியுமா?

ஆடி மாதத்தில் மழை பிடித்து, நண்பனின் வாசலில் பத்து நாள் ஒரு வண்டியும் நிற்கவில்லை. அந்த மாதத் தவணை தவறிற்று. மறுமாதம் இரண்டையும் சேர்த்துக் கட்டினான். இதை அவனே ரயிலடியில், சைக்கிள் நிறுத்தத்தின் அருகில் நின்று என்னிடம் சொன்னான். இப்போது அவன் பெங்களூருக்கு வருவதில்லை.

"அந்தப் பத்து நாளும் ஒண்ணுதான் நெனச்சேன் மச்சான். நல்லவேள, உன் பேரு அதுல இல்ல. இருந்திருந்தா இங்க வந்து உன்கிட்ட நின்னு பேசியிருக்க மாட்டேன்" என்றான்.

வண்டி வந்துவிட்டது. ஏறிக்கொண்டேன். அவன் கையசைத்தான்.